ஜெனரல் டிக்கெட் எத்தனை மணி நேரம் செல்லும்? வரிசையில் நிற்காமல் போனிலேயே எடுப்பது எப்படி?

விழுப்புரம் சந்திப்பில் ஒரு மாலை. சென்னையிலிருந்து மதுரை போகும் வைகை எக்ஸ்பிரஸ் வரப்போவதாக அறிவிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, திருச்சிக்கு எடுத்தது. இது வைகையில செல்லும்ல?"

வாங்கிப் பார்த்தேன். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு, இரண்டாம் வகுப்பு, ஒரு பெரியவர், எக்ஸ்பிரஸ் கட்டணம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கீழே எடுத்த நேரம் அச்சாகியிருந்தது: காலை 11.20. காலையிலேயே வரிசையில் நின்று எடுத்துவிட்டாராம். மதியம் வந்த குருவாயூர் எக்ஸ்பிரஸில் கூட்டம் அதிகமாக இருந்ததால் ஏறவில்லை. "அதான் டிக்கெட் இருக்கே, அடுத்ததுல போகலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்த டிக்கெட் வைகையில் செல்லாது. அதற்கு ஒன்றல்ல, இரண்டு காரணங்கள். இரண்டையும் அவரிடம் யாரும் எப்போதும் சொன்னதில்லை. கவுன்டரில் இருப்பவருக்கு அதைச் சொல்ல நேரமிருக்காது, டிக்கெட்டில் இருக்கும் பொடி எழுத்தை நாமும் படிப்பதில்லை. அந்த இரண்டு காரணங்களையும் புரிந்துகொண்டால் ஜெனரல் டிக்கெட்டைப் பற்றி முக்கால்வாசி தெரிந்த மாதிரிதான். அதன் பிறகு போனில் எடுப்பது சுலபம்.

இந்த டிக்கெட் எதற்கு அனுமதி தருகிறது?

முன்பதிவு டிக்கெட்டில் ரயில் எண், தேதி, பெட்டி, இருக்கை எல்லாம் இருக்கும். அந்த ரயிலைத் தவறவிட்டால் அந்த டிக்கெட்டை வைத்து வேறு ரயிலில் போக முடியாது. ஜெனரல் டிக்கெட் என்று நாம் சொல்லும் முன்பதிவில்லா டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. குறிப்பிட்ட ஒரு ரயிலில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அது சொல்வது இவ்வளவுதான்: இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு, இந்த வழியாக, இந்த வகை ரயிலில், இந்த நேரத்துக்குள் நீங்கள் புறப்படலாம். இருக்கை கிடைத்தால் உட்காரலாம், இல்லையென்றால் நின்றுகொண்டு போகலாம்.

ஆகவே அதில் பார்க்க வேண்டியவை வழி, ரயில் வகை, நேரம் ஆகிய மூன்றும்தான். ஊர்ப் பெயரை எல்லோரும் சரிபார்த்துவிடுகிறார்கள். பெரியவர் மாட்டியது ரயில் வகையிலும் நேரத்திலும்.

நேரம்: 200 கிலோமீட்டர் என்ற கோடு

ரயில்வே 2016 மார்ச் 1 முதல் கொண்டுவந்த விதி இது. பயண தூரம் 199 கிலோமீட்டர் வரை என்றால், டிக்கெட் எடுத்த நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். அல்லது டிக்கெட் எடுத்த பிறகு அந்த ஊருக்குப் புறப்படும் முதல் ரயிலில் போக வேண்டும். இந்த இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுவரை டிக்கெட் செல்லும்.

அதற்கு முன்பு குறுகிய தூர டிக்கெட்டுக்கு இவ்வளவு நெருக்கமான கெடு இல்லை. காலையில் ஒருவர் எடுத்த டிக்கெட்டை ஊர் போய்ச் சேர்ந்ததும் இன்னொருவர் கையில் கொடுத்து, அதே நாளில் மறுபடி பயன்படுத்தும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. இரண்டு மணி நேரப் பயணம் என்றால் ஒரே நாளில் அது சாத்தியம்தானே? அதைத் தடுக்கத்தான் மூன்று மணி நேரம் என்று வைத்தார்கள்.

"எது பிந்தியோ" என்ற பகுதியில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். விழுப்புரம் - திருச்சியையே எடுத்துக்கொள்வோம். விருத்தாசலம் வழியாக சுமார் 178 கிலோமீட்டர், ஆகவே மூன்று மணி நேர விதிக்குள் வரும். நீங்கள் மதியம் 1.10-க்கு டிக்கெட் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் என்றால் 4.10. கீழே வரும் ரயில் நேரங்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை.

2.30-க்கு ஒரு ரயில், 4 மணிக்கு ஒரு ரயில் இருந்தால் இரண்டில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். இரண்டுமே 4.10-க்குள் வந்துவிடுகின்றன. முதல் ரயிலில்தான் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2.30-க்கு ஒன்று, அதற்கடுத்தது 4.40-க்குத்தான் என்றால் 2.30 ரயிலை விடக்கூடாது. விட்டுவிட்டால் முதல் ரயில் போய்விட்டது, 4.40 வரும்போது மூன்று மணி நேரமும் முடிந்திருக்கும். பெரியவருக்கு நடந்தது இதுதான். 11.20-க்கு எடுத்த டிக்கெட்டின் மூன்று மணி நேரம் 2.20-க்கு முடிந்துவிட்டது, இடையில் குருவாயூர் ரயிலும் போய்விட்டது.

இப்போது இன்னொரு நிலை. 1.10-க்கு எடுத்தீர்கள், 5.20 வரை திருச்சிக்கு ரயிலே இல்லை. மூன்று மணி நேரம் தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம். அந்த 5.20 ரயில்தான் நீங்கள் டிக்கெட் எடுத்த பிறகு புறப்படும் முதல் ரயில், அதில் தாராளமாகப் போகலாம். ரயில் தாமதமானாலும் இதே கணக்குதான். 3.50-க்கு வர வேண்டியது 4.35-க்கு வருகிறது, நடுவில் திருச்சிக்கு வேறு எதுவும் புறப்படவில்லை என்றால் அதுதான் இன்னும் உங்கள் முதல் ரயில். தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள்.

மூன்று மணி நேரத்துக்குள் புறப்பட்டால் போதும், போய்ச் சேர வேண்டியதில்லை. 4 மணிக்கு ஏறிவிட்டீர்கள் என்றால் திருச்சி போய்ச் சேர ஏழு மணி ஆனாலும் டிக்கெட் செல்லும். பரிசோதகர் பார்ப்பது இரண்டே நேரங்களைத்தான். ஒன்று, டிக்கெட்டில் உள்ள நேரம். மற்றொன்று, அந்த ரயில் நீங்கள் ஏறிய நிலையத்திலிருந்து புறப்பட்ட நேரம். அதே சமயம், விருத்தாசலத்தில் இறங்கி ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த ரயிலில் அதே டிக்கெட்டில் போக முடியாது. இந்த தூரத்துக்கு வழியில் பயணத்தை முறித்துக்கொள்ள அனுமதி இல்லை. அப்படிப் போக வேண்டுமென்றால் இரண்டு டிக்கெட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரம் 200 கிலோமீட்டரோ அதற்கு மேலோ என்றால் இந்த மூன்று மணி நேரக் கெடு கிடையாது. டிக்கெட்டில் உள்ள பயணத் தேதியில் புறப்பட வேண்டும், அவ்வளவுதான். கவுன்டரில் பயண நாளைச் சேர்க்காமல் மூன்று நாள் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும். விழுப்புரத்திலிருந்து மதுரைக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், அன்றைக்கு வரிசை நீளும் என்று தெரிந்தால் வியாழக்கிழமையே கவுன்டரில் எடுத்துவிடலாம். இரவு பன்னிரண்டு மணியை ஒட்டி வரும் ரயில்களுக்கு எடுக்கும்போது மட்டும் தேதியில் கவனம் வேண்டும். சனிக்கிழமை இரவு 12.20 ரயில் என்று நாம் பேச்சில் சொல்வது, கணக்கில் ஞாயிற்றுக்கிழமை ரயில்.

சென்னை புறநகர் மின்சார ரயில்களுக்கு வேறு விதி. அந்த டிக்கெட்டில் எவ்வளவு நேரத்துக்குள் ஏற வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். நடைமேடை டிக்கெட் 2 மணி நேரம் செல்லும்.

வழி மாறினால் தூரமும் மாறும்

விழுப்புரம் - திருச்சியை எடுத்துக்காட்டாக எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இரண்டு தடங்கள் இருக்கின்றன. வைகை, பல்லவன், குருவாயூர் எல்லாம் விருத்தாசலம் வழியாகப் போகின்றன. அதைக் கார்டு லைன் என்பார்கள். சோழன் எக்ஸ்பிரஸ் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு திருச்சி வருகிறது. அது மெயின் லைன். ஊர் அதேதான், ஆனால் மெயின் லைனில் தூரம் 200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கட்டணமும் கூடும்.

ஆகவே கார்டு லைனுக்கு எடுத்த டிக்கெட்டுடன் சோழனில் ஏறினால் அது தவறான வழி. கவுன்டரில் "திருச்சி ஒன்று" என்று மட்டும் சொன்னால் எந்த வழிக்குக் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "சோழனுக்கு, மயிலாடுதுறை வழியா" என்று சொல்லுங்கள். போனில் எடுக்கும்போது வழி இரண்டு இருந்தால் பட்டியலாகக் காட்டும். மேலே இருப்பதைப் பார்க்காமல் தட்டிவிடாமல், நீங்கள் போகும் ரயில் எந்த ஊர்களைத் தொடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரயில் வகை: பதினைந்து ரூபாய் விஷயம்

பெரியவரின் டிக்கெட் செல்லாததற்கு இரண்டாவது காரணம் இது. ஜெனரல் பயணத்துக்கு மூன்று கட்டண நிலைகள் உண்டு. சாதாரண பாசஞ்சர் ரயில், மெயில் அல்லது எக்ஸ்பிரஸ், அதற்கு மேல் சூப்பர்ஃபாஸ்ட். எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் கூடுதலாகக் கட்டினால்தான் சூப்பர்ஃபாஸ்டில் ஏறலாம். மேல் வகைக்கு எடுத்த டிக்கெட்டை வைத்துக் கீழ் வகை ரயிலில் போகலாம். கீழ் வகை டிக்கெட்டை வைத்து மேல் வகை ரயிலில் போக முடியாது.

பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வைகையை எல்லோரும் வைகை எக்ஸ்பிரஸ் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது சூப்பர்ஃபாஸ்ட். எண்ணைப் பாருங்கள். ஐந்து இலக்க எண் 12 என்றோ 22 என்றோ தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட். வைகை 12635, பல்லவன் 12605. 16 என்று தொடங்கினால் சாதாரண எக்ஸ்பிரஸ், குருவாயூர் 16127 போல. 5, 6, 7 என்று தொடங்குபவை பாசஞ்சர், மெமு, டெமு வகை. 20 என்று தொடங்கும் எண்களிலும் சூப்பர்ஃபாஸ்ட் ரயில்கள் இருக்கின்றன. எந்த ரயிலில் ஏறப் போகிறோம் என்று உறுதியாகத் தெரியாதபோது நான் சூப்பர்ஃபாஸ்டுக்கே எடுத்துவிடுவேன். 15 ரூபாய் கூடப் போனாலும் எதிலும் ஏறலாம்.

அந்த 15 ரூபாயை விட்டால் என்ன ஆகும்? ரயில்வே சட்டத்தின் 138-வது பிரிவின்படி, கட்டாமல் விட்ட தொகையோடு அதே அளவு தொகையோ 250 ரூபாயோ, இரண்டில் எது அதிகமோ அதையும் சேர்த்து வசூலிப்பார்கள். டிக்கெட்டே இல்லாதவருக்கும் இதே கணக்குதான். கட்டணம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கையிலிருந்து 350 போகும். நேரம் முடிந்த டிக்கெட்டோடு பயணம் செய்பவரும் டிக்கெட் இல்லாதவராகத்தான் கருதப்படுவார்.

போனில் எடுப்பது

வரிசையில் நிற்காமல் எடுக்க முன்பு UTS என்ற செயலி இருந்தது. சென்னையில் காகிதமில்லா டிக்கெட் 2015 ஏப்ரலில் எழும்பூர் - தாம்பரம் தடத்தில் தொடங்கியது. 2025 ஜூலையில் RailOne என்ற புதிய செயலி வந்தது. முன்பதிவு, முன்பதிவில்லா டிக்கெட், நடைமேடை டிக்கெட் மூன்றும் அந்த ஒரே செயலியில் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே UTS கணக்கு வைத்திருந்தால் அதே விவரங்களோடு உள்ளே நுழையலாம். இல்லையென்றால் கைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிவுசெய்து, mPIN என்ற ரகசிய எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையை வீட்டில் நிதானமாக இருக்கும்போது ஒருநாள் முடித்துவிடுங்கள். நிலைய வாசலில் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருப்பது கொடுமை.

எடுப்பது இப்படி. முகப்பில் Unreserved என்பதைத் தொடவும். புறப்படும் நிலையம், சேரும் நிலையம் இரண்டையும் தேர்ந்தெடுக்கவும். பெயருக்குப் பதிலாக நிலையக் குறியீட்டையும் அடிக்கலாம், விழுப்புரத்துக்கு VM, திருச்சி சந்திப்புக்கு TPJ. திருச்சியில் கோட்டை, ஸ்ரீரங்கம் என்று வேறு நிலையங்களும் இருப்பதால் குறியீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்து வழி, எத்தனை பேர், ரயில் வகை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அரைக் கட்டணம். கட்டணம் திரையில் வந்ததும் யுபிஐ மூலமோ, செயலிக்குள்ளேயே இருக்கும் R-Wallet மூலமோ பணம் கட்டலாம்.

R-Wallet-இல் முன்கூட்டியே சில நூறு ரூபாய் போட்டு வைத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது. நிலையத்தில் கூட்ட நேரத்தில் இணையம் இழுத்துக்கொண்டு நிற்கும்போது யுபிஐ செயலிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அது பாதியில் அறுந்துபோகிறது. ஒருமுறை எனக்கு வங்கியிலிருந்து பணம் போனதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது, செயலியில் டிக்கெட்டைக் காணோம். ரயில் வந்து நிற்கிறது. அந்தக் குறுஞ்செய்தியைக் காட்டிக்கொண்டே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் பணம் போனதற்கான செய்தி டிக்கெட் ஆகாது. செயலியின் பதிவு வரலாற்றில் டிக்கெட் வந்திருந்தால்தான் அது டிக்கெட். அன்றைக்கு அந்த ரயிலை விட்டுவிட்டு கவுன்டரில் வேறு டிக்கெட் எடுத்தேன். போன பணம் சில நாளில் கணக்குக்குத் திரும்பிவிட்டது.

எங்கே நின்று எடுக்கலாம், எங்கே முடியாது

முன்பு இந்தச் செயலியில் டிக்கெட் எடுக்க நிலையத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஓர் எல்லை வைத்திருந்தார்கள். 2024-இல் அந்த வெளி எல்லையை எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டிலிருந்தே, வேறு ஊரிலிருந்தேகூட எடுக்கலாம். ஆனால் உள் எல்லை இன்னும் இருக்கிறது. தண்டவாளத்துக்கு மிக அருகிலோ, நடைமேடையிலோ, ஓடும் ரயிலிலோ நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க முடியாது. போனின் ஜிபிஎஸ் மூலம் நீங்கள் இருக்கும் இடத்தைச் செயலி பார்த்துக்கொள்கிறது, அதனால்தான் இருப்பிட அனுமதி கேட்கிறது. காரணம் எளிது. இந்த எல்லை இல்லையென்றால் பரிசோதகர் பெட்டிக்குள் ஏறுவதைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமே!

இதனால் புதியவர்கள் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். ஒரு சிலர் நடைமேடைக்கு வந்த பிறகு போனைத் திறந்து, எடுக்க முடியவில்லை என்று தவிக்கிறார்கள். அப்போது நிலையத்துக்கு வெளியே, ஆட்டோ நிற்கும் இடம் வரை நடந்து போய்த்தான் எடுக்க வேண்டும். சில நிலையங்களில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை செயலி வழியாகப் படித்து அங்கேயே எடுக்கும் வசதி உண்டு, அது எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வேறு சிலர் வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்றதும் காலையிலேயே எடுத்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் நீங்கள் நிலையத்துக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதில்லை, டிக்கெட் பதிவான நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. மாலை 4 மணி வண்டிக்குக் காலை 10 மணிக்கு வீட்டில் எடுத்தால், பெரியவருக்கு நடந்ததுதான் உங்களுக்கும். 200 கிலோமீட்டருக்குக் குறைவான பயணம் என்றால், வீட்டை விட்டுக் கிளம்பி பேருந்திலோ ஆட்டோவிலோ உட்கார்ந்த பிறகு எடுப்பதுதான் சரியான நேரம்.

காகிதம் இல்லாமல், அல்லது காகிதத்தோடு

செயலியில் இரண்டு வகை டிக்கெட் உண்டு. ஒன்று காகிதமில்லாதது. போனில் டிக்கெட்டைக் காட்டினால் போதும். இன்னொன்று பணத்தைப் போனில் கட்டிவிட்டு, நிலையத்தில் அச்சிட்டுக்கொள்வது. இந்த வகையில் ஒரு பதிவு எண் வரும். அந்த எண்ணையும் கைபேசி எண்ணையும் தானியங்கி டிக்கெட் இயந்திரத்தில் அடித்தோ கவுன்டரில் சொல்லியோ காகித டிக்கெட் வாங்க வேண்டும். அச்சிடாமல் போனில் உள்ளதைக் காட்டினால் செல்லாது. காகிதமில்லாதது என்று நினைத்துக்கொண்டு இதைத் தேர்ந்தெடுத்து, ரயிலில் அபராதம் கட்டியவர்கள் உண்டு. பணம் கட்டும் முன் எந்த வகை என்று ஒருமுறை பாருங்கள்.

காகிதமில்லா டிக்கெட் எடுத்த போனோடுதான் இருக்கும். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினால் அம்மாவுக்கு அது டிக்கெட் ஆகாது. செயலிக்குள் திறந்து காட்டினால்தான் பரிசோதகர் ஏற்பார். போனே இல்லாத ஒருவருக்கு நீங்கள் தொலைவிலிருந்து எடுத்துத் தர வேண்டுமென்றால் இரண்டாவது வகைதான் ஒரே வழி. பதிவு எண்ணையும் உங்கள் கைபேசி எண்ணையும் அவருக்குச் சொல்லிவிட்டால் நிலையத்தில் அச்சிட்டுக்கொள்வார்.

போனில் சார்ஜ் போனால் டிக்கெட்டும் போன மாதிரிதான். "போன் ஆஃப் ஆயிடுச்சு சார்" என்றால் பரிசோதகர் கணக்கில் நீங்கள் டிக்கெட் இல்லாதவர். நான் ஏறிய உடனே ஒருமுறை டிக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பேட்டரி இருபதுக்குக் கீழே போனால் பாட்டு கேட்பதை நிறுத்திவிடுவேன்.

ரத்து செய்வதிலும் வித்தியாசம் உண்டு. காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது, எடுத்தால் எடுத்ததுதான். கவுன்டர் டிக்கெட்டை எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஒருவருக்கு 30 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். முன்கூட்டியே எடுத்த டிக்கெட் என்றால் பயண நாளுக்கு முந்தைய நாள் நள்ளிரவுக்குள் கொடுக்க வேண்டும்.

ஏறும்போது ஒரு கவனம்

டிக்கெட் எல்லாம் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்கிற ஓர் இடம் உண்டு. வைகை, பல்லவன் போன்ற பகல் நேர ரயில்களில் D1, D2 என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். உள்ளே உட்காரும் இருக்கைகள்தான், படுக்கை கிடையாது. பார்த்தால் ஜெனரல் பெட்டி மாதிரியே தெரியும். ஆனால் அவை முன்பதிவு செய்த இருக்கைப் பெட்டிகள். இடம் காலியாக இருந்தாலும் ஜெனரல் டிக்கெட்டோடு அங்கே உட்காரக் கூடாது. தூங்கும் வசதி கொண்ட எஸ் பெட்டிகளுக்கும் இதேதான். ஜெனரல் பெட்டிக்கு இந்த மாதிரி எண் இருக்காது, பெரும்பாலும் ரயிலின் இரண்டு நுனிகளில் இருக்கும். வந்தே பாரத், தேஜஸ் போன்ற ரயில்களில் ஜெனரல் பெட்டியே கிடையாது, எந்த ஜெனரல் டிக்கெட்டும் அவற்றில் செல்லாது.

இவ்வளவையும் அன்றைக்குப் பெரியவரிடம் சொல்ல நேரமில்லை. "ஐயா, இது முடிஞ்சுபோச்சு, நேரமும் தாண்டிடுச்சு, வைகைக்கு கட்டணமும் பத்தாது" என்று மட்டும் சொன்னேன். அவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையிலதானே எடுத்தேன்" என்றார். வரிசை கவுன்டர் கதவைத் தாண்டி நின்றிருந்தது. நானும் அவரும் நிலைய வாசலுக்கு வெளியே வந்தோம். அவருடைய மகள் வாங்கிக் கொடுத்த போன் பையில் இருந்தது, ஆனால் அதில் செயலி இல்லை. தானியங்கி இயந்திரத்தின் முன் இரண்டே பேர் நின்றிருந்தார்கள். அங்கே திருச்சி, சூப்பர்ஃபாஸ்ட், ஒரு பெரியவர் என்று அழுத்தினோம், அவர் பணத்தை என்னிடம் கொடுக்க நான் யுபிஐயில் கட்டினேன். டிக்கெட் வெளியே வந்தது. இந்த முறை அவரே கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கீழே இருந்த நேரத்தைத்தான் முதலில் படித்தார். வைகை வந்து நின்றபோது D பெட்டிகளைத் தாண்டி முன்பக்க நுனிக்கு வேகமாக நடந்தார், நானும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.